பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு பக்கத் தலையங்கம்: வீட்டில் நிஜமாகச் செய்ய முடிந்ததை மட்டும் எழுத வேண்டும், உதவுங்கள்

தென்காசித் தமிழம்மா (செவ்வாய், இரவு 9.20)

வணக்கம். எங்கள் பள்ளியில் மாதம் ஒருமுறை பெற்றோருக்கு நான்கு பக்கச் செய்தி மடல் கொடுக்கிறோம். இந்த மாதத் தலையங்கத்தை என்னை எழுதச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. பொருள், தேர்வுப் பயம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் மடல் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும்.

நேற்று ஒரு வரைவு எழுதினேன். "பிள்ளைகளுக்கு அன்பும் ஆதரவும் கொடுங்கள், சத்தான உணவு கொடுங்கள், மற்றவரோடு ஒப்பிடாதீர்கள்" என்று போனது. எழுதிவிட்டு வாசித்தால் எனக்கே பிடிக்கவில்லை. எங்கள் பெற்றோரில் பாதிப்பேர் பீடி சுற்றுகிறவர்கள். அப்பாக்களில் பலர் கேரளாவில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வருகிறவர்கள். இதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் எதை மாற்றுவார்கள்?

என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஒரு பிள்ளை. நன்றாகப் படிக்கிறவள். இரண்டாம் திருப்புதல் தேர்வில் கணக்குத் தாளுக்கு நான்தான் அறைக் கண்காணிப்பாளர். 10.15-க்கு எழுத ஆரம்பித்தவள் நேரே வரைபடத்துக்குப் போனாள். அளவுத்திட்டம் தப்பாகிவிட்டது. அழித்தாள், மறுபடி போட்டாள், மறுபடி அழித்தாள். தாளின் நடுவில் ரப்பர் தேய்த்துத் தேய்த்து ஓட்டையே விழுந்துவிட்டது. 11 மணிக்கு மேல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எல்லாம் மறந்துபோச்சு டீச்சர்" என்றாள். மறுநாள் அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். மறக்கவில்லை.

அவள் வீட்டு நேரத்தைக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். காலை 4 மணிக்கு அம்மா எழுப்பிவிடுகிறார். 7 வரை படிப்பு. 8.15-க்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு சேர 6.15. ஒரே அறை, டிவி 8.30 வரை ஓடும். சாப்பிட்டு 9 மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் 11.30 வரை. இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு நான் என்ன எழுத வேண்டும்?

கரிசல் அப்பா (செவ்வாய், இரவு 9.52)

டீச்சர், அந்தம்மா காலை 4 மணிக்கு எழுப்புவதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். அதிகாலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நானும் 4 மணிக்கு எழுந்து படித்தவன்தான். பத்தாவதில் 421 வாங்கினேன். என் மகனையும் அப்படித்தான் எழுப்புகிறேன். இப்போதைய பிள்ளைகளுக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் குறைந்துவிட்டது, அதுதான் விஷயம்.

வீட்டுக்கணக்கு (செவ்வாய், இரவு 10.05)

என் பையன் பன்னிரண்டாவது. அவனுக்கும் இதே மறதிதான். வல்லாரை மாத்திரை கொடுத்தால் ஞாபகசக்தி கூடும் என்கிறார்கள். மருந்துக்கடையில் ஒரு சிரப்பும் சொன்னார்கள். எது நல்லது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, இப்போது ஆரம்பித்தால் வேலை செய்யுமா?

இரவுப்பணி (புதன், காலை 6.40)

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். ராத்திரி டூட்டி முடிந்து வந்து இதைப் படித்தேன்.

வீட்டுக்கணக்கு அக்கா, நாலு வாரத்தில் ஞாபகத்தைக் கூட்டும் மருந்து என்று எதையும் நம்பிக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் சொன்ன சிரப்பில் தூக்கத்தைக் கெடுக்கிற சரக்கு இருந்தால் இன்னும் மோசம். உங்கள் பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான், எத்தனை மணிக்கு எழுகிறான் என்று முதலில் சொல்லுங்கள்.

டீச்சர், உங்கள் குறிப்பில் எனக்குக் கண்ணில் பட்டது இதுதான்: 11.30 முதல் 4 வரை. நாலரை மணி நேரம். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அதில் பாதிதான் கிடைக்கிறது. அதுவும் ஒருநாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். தூக்கம் போனால் அடிபடுவது மனப்பாடம் மட்டும் இல்லை. ஒன்று தப்பாகப் போனால் விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிற நிதானமும் போகும். அந்தப் பிள்ளை வரைபடத்தை விட்டு நகர முடியாமல் திரும்பத் திரும்ப அழித்தாளே, ராத்திரி டூட்டியில் தூங்காத நாட்களில் எனக்கே அது நடக்கும். ஒரே ரத்த அழுத்தக் குறிப்பை மூன்று தடவை எழுதிக்கொண்டு நிற்பேன்.

அண்ணே, நீங்கள் 4 மணிக்கு எழுந்தபோது எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?

கரிசல் அப்பா (புதன், காலை 7.15)

அப்போது எங்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. எட்டு மணிக்கு ஊரே அடங்கிவிடும்.

இரவுப்பணி (புதன், காலை 7.22)

அப்படியென்றால் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்திருக்கிறீர்கள். உங்கள் 4 மணி சரியானதுதான். உங்கள் மகனுடைய 4 மணி வேறு. அவன் 11-க்குப் படுத்தால் அவனுக்கு அது நடுராத்திரி. இன்னொன்றும் இருக்கிறது. இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் சுரப்பே பெரியவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் சுரக்கும். அதனால்தான் சீக்கிரம் படு என்றால் புரண்டுகொண்டே கிடப்பார்கள். அது சோம்பல் இல்லை.

அன்று படித்ததை மூளை கெட்டிப்படுத்திக்கொள்வது தூக்கத்தில்தான். கனவு வருகிற வகைத் தூக்கம் பெரும்பாலும் விடியும் பக்கம்தான் வரும். 4 மணிக்கு உலுக்கி எழுப்பும்போது அதைத்தான் வெட்டுகிறோம்.

கரும்பலகை (புதன், காலை 10.30)

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், 31 வருடம். சிஸ்டர் சொல்வது சரி. ஆனால் தூக்கம் மட்டும் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளை தாளை எடுத்த வரிசையே தப்பு.

பத்தாவது கணக்குத் தாளைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் 14. இரண்டு மதிப்பெண் பத்து எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் பத்து. கடைசியாக எட்டு மதிப்பெண் இரண்டு, அதில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். மொத்தம் 100. நேரம் 180 நிமிடம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது: ஒரு மதிப்பெண்ணுக்கு எல்லாம் சேர்த்து 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்துக்கு 85, எட்டுக்கு 30. கூட்டினால் 170. மீதி 10 நிமிடம் எண்களைச் சரிபார்க்க. அந்தப் பிள்ளை 16 மதிப்பெண்ணில் பாதிக்காக முக்கால் மணி நேரத்தைக் கொட்டியிருக்கிறாள். முதல் கேள்வியே கோணினால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். நன்றாகத் தெரிந்த இரண்டு மதிப்பெண் ஐந்தை முதலில் எழுதியிருந்தால் கை தானாகச் சூடாகியிருக்கும்.

10 மணியிலிருந்து 10.10 வரை கேள்வித்தாள் வாசிக்க மட்டுமே கொடுக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடத்தில் தெரியாத கேள்வியைத் தேடிப் பயந்துகொண்டிருக்கிறார்கள். முதலில் எழுதப்போகிற ஐந்து கேள்வியைத் தேடத்தான் அந்த நேரம். இதைச் சொல்லிக்கொடுத்தால் போதாது, வீட்டில் பழக வேண்டும். தேர்வுக்கு முந்தைய மூன்று சனிக்கிழமையும் சரியாக 10 மணிக்கு ஒரு பழைய தாளை எடுத்து 10 நிமிடம் வாசிக்கட்டும், 5 நிமிடம் சும்மா இருக்கட்டும், 10.15 முதல் 1.15 வரை எழுதட்டும். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகக் கூடாது, பாட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திருத்த ஆள் இல்லை என்றாலும் பரவாயில்லை. மூன்று மணி நேரம் உட்கார உடம்பு பழகுவதே பாதி வேலை.

முதல்பெஞ்ச் (புதன், மதியம் 1.10)

நான் மூன்று வருடம் முன்னால் பத்தாவது எழுதியவன். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தேர்வை விடத் தேர்வு முடிந்து வெளியே வருகிற நேரம்தான் பயம். கேட் பக்கத்திலேயே அப்பா நிற்பார். வண்டியில் ஏறியதும் கேள்வித்தாளை வாங்கி ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை கேட்பார். ஆங்கிலத் தாளில் மூன்று தப்பு என்று வண்டியிலேயே தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க அதுதான் ஓடியது. அடுத்து கணக்கு, அதில் தெரிந்ததையும் கோட்டைவிட்டேன்.

அப்பா திட்டவே இல்லை, கேட்டார், அவ்வளவுதான். அதைத் தலையங்கத்தில் போடுங்கள் டீச்சர்.

தென்காசித் தமிழம்மா (புதன், இரவு 8.45)

எல்லாருக்கும் நன்றி. தம்பி, கண்டிப்பாகப் போடுகிறேன். நானும் என் மகளிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

இன்று அந்தப் பிள்ளையிடம் ஒன்று சோதித்துப் பார்த்தேன். காலை 4 மணிக்கு என்ன படித்தாய் என்றேன். அறிவியலில் ஒரு பாடம், மூன்று தடவை படித்தேன் என்றாள். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னேன். முதல் பத்தியைச் சொன்னாள், அப்புறம் நின்றுவிட்டாள். "படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். இது தூக்கமா, படிக்கிற முறையா?

கரும்பலகை (புதன், இரவு 9.30)

இரண்டும்தான். ஆனால் அந்தத் "தெரிஞ்ச மாதிரி" என்பது முறையில் உள்ள கோளாறு. திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். கண்ணுக்குப் பழகியதைப் புரிந்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். தேர்வில் வரி கண்முன் இருக்காது, உள்ளேயிருந்து இழுக்க வேண்டும். இழுத்துப் பழகவே இல்லையே.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்று இரண்டு பேர் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஒரு பக்கம், வாசித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். ராத்திரி படித்து முடித்தவுடன் எல்லாம் தெரிகிறது, தேர்வன்று காணோம் என்று பிள்ளைகள் அழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது எளிது. 20 நிமிடம் படிக்க வேண்டும், மூட வேண்டும், 10 நிமிடம் ஞாபகத்தில் இருப்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டதை வேறு நிறப் பேனாவில் எழுத வேண்டும். மறுநாள் அந்த வேறு நிற வரிகளை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும், ஏனென்றால் தாளில் பாதி காலியாக இருக்கும். அது சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள்.

கரிசல் அப்பா (புதன், இரவு 9.48)

சார், இதையெல்லாம் கேட்டு வாங்க வீட்டில் படித்தவர்கள் இருக்க வேண்டாமா? எனக்கு அறிவியல் புத்தகத்தில் பாதி புரியாது.

இரவுப்பணி (வியாழன், காலை 6.55)

அண்ணே, என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். ராத்திரி நான் எதிரில் உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பேன். அம்மா மடியில் சுளகு, பக்கத்தில் திறந்த புத்தகம். அம்மாவால் அதை வாசிக்க முடியாது. நான் எங்கே நின்று முழிக்கிறேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ரொம்ப நேரம் நின்றால், "எங்க நிக்குத, தொட்டுக் காட்டு" என்பார். அந்த இடத்தைக் காட்டுவேன். வெட்டிவைத்த பீடி இலை ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தில் சொருகிவிடுவார். திட்ட மாட்டார், தொடரச் சொல்வார். காலையில் இலை இருக்கிற பக்கத்தை மட்டும் முதலில் திறப்பேன். தேர்வு நெருங்க நெருங்கப் புத்தகத்தில் இலை குறைந்துகொண்டே வரும். கடைசியில் அறிவியல் புத்தகத்தில் நாலே நாலு இலை இருந்தது. சார் சொல்கிற வேறு நிறப் பேனாவும் அதுவும் ஒன்றுதான் என்று இப்போதுதான் புரிகிறது.

தென்காசித் தமிழம்மா (வியாழன், மதியம் 12.50)

சிஸ்டர், இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் அம்மாக்களுக்கு இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

இப்போது நேரக் கணக்குதான் சிக்கல். அந்தப் பிள்ளை ராத்திரி 10-க்குப் படுத்துக் காலை 5.30-க்கு எழுந்தால் ஏழரை மணி நேரம் கிடைக்கும். ஆனால் படிப்பில் மூன்று மணி நேரம் போகிறது. மாலை 6.45-லிருந்து 8.15 வரை டிவியை நிறுத்தினால் ஒன்றரை மணி திரும்பக் கிடைக்கும். மீதி ஒன்றரை?

கரிசல் அப்பா (வியாழன், மதியம் 1.30)

அதைத்தான் நான் கேட்கிறேன். தினம் ஒன்றரை மணி என்றால் நாலு வாரத்தில் நாற்பது மணி நேரம். எந்தப் பெற்றோர் ஒத்துக்கொள்வார்கள்?

கரும்பலகை (வியாழன், மாலை 4.15)

அந்த நாற்பது மணியில் என்ன நுழைந்தது என்பதை டீச்சர் நேற்றுப் பார்த்துவிட்டார்கள். மூன்று தடவை வாசித்து ஒரு பத்தி. நீங்களும் உங்கள் மகனிடம் பாருங்கள். 4 மணிக்குப் படித்ததை மாலையில் கேளுங்கள். மாலை 7 மணிக்குப் படித்ததை மறுநாள் காலையில் கேளுங்கள். மூன்று நாள் செய்தால் உங்கள் வீட்டு விடை உங்களுக்கே தெரிந்துவிடும். என் பேச்சை நம்ப வேண்டாம்.

இரவுப்பணி (வியாழன், மாலை 5.05)

ஒரு எச்சரிக்கை. மடலைப் படித்த அன்றே "10 மணி ஆச்சு, படு" என்று விளக்கை அணைத்தால் வேலைக்காகாது. 11.30-க்குப் பழகிய உடம்பு 10-க்குத் தூங்காது. இருட்டில் கிடந்து தேர்வையே நினைத்துப் பயப்படும். முதல் நாளே மாற்ற வேண்டியது எழுகிற நேரம் மட்டும்: 5.30. அன்றிலிருந்தே ஆறு மணி நேரம் ஆகிவிடும். படுக்கிற நேரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி முன்னே கொண்டு வாருங்கள். 11.30-லிருந்து 10 வர ஆறு படி, பன்னிரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமையும் 5.30-தான். எழுந்ததும் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பல் தேய்க்கட்டும். காலை வெளிச்சம் பட்டால்தான் ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும். மாலை 4 மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம், பால் கொடுங்கள். படிக்கிற பிள்ளைக்கு ராத்திரி கட்டன்சாயா போட்டுக் கொடுப்பது பாசத்தில் செய்வதுதான், ஆனால் அது படுக்கிற நேரத்திலும் உடம்பில் பாதிக்கு மேல் இருக்கும்.

வீட்டுக்கணக்கு (வியாழன், இரவு 8.20)

சிஸ்டர், என் பையன் 1 மணிக்குப் படுக்கிறான், 5 மணிக்கு எழுகிறான். சிரப் வாங்கவில்லை. ஆனால் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். விடலாமா?

இரவுப்பணி (வியாழன், இரவு 8.31)

விடக் கூடாது அக்கா. இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "நீ அப்படிச் சொன்னது எனக்குப் பயமா இருக்கு, சாகணும்னு தோணுதா" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல இடம் கிடைக்கும். ராத்திரி தனியாகப் படுக்கவிட வேண்டாம். 14416-க்கு இப்போதே கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். நாளைக்கு அவனை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தேர்வு அப்புறம். தனிச் செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன்.

தென்காசித் தமிழம்மா (வெள்ளி, இரவு 7.40)

அக்கா காலையில் தனிச் செய்தியில் பதில் போட்டிருந்தார்கள், பையனோடு மருத்துவரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே மேலே கேட்க வேண்டாம்.

தலையங்கத்தைத் திருப்பி எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் பாருங்கள்.

> பிள்ளை தூங்கட்டும், பீடி இலை விழித்திருக்கட்டும்
>
> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறது. வீட்டில் நான்கு காரியம் செய்யச் சொல்லிக் கேட்கிறோம்.
>
> நாளையிலிருந்து பிள்ளையை 4 மணிக்கு எழுப்ப வேண்டாம். 5.30-க்கு எழுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. படுக்கும் நேரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டு வாருங்கள். இரண்டு வாரத்தில் 10 மணிக்கு வந்துவிடும். மாலை 4 மணிக்குப் பின் டீ, காபி வேண்டாம். தூக்கம் குறைந்த பிள்ளை, தெரிந்த கணக்கையும் தேர்வறையில் தப்பாகப் போட்டுவிட்டு நகர முடியாமல் தவிக்கிறது. இதை இந்தத் திருப்புதல் தேர்வில் எங்கள் கண்ணால் பார்த்தோம்.
>
> மாலை 6.45 முதல் 8.15 வரை டிவியை நிறுத்திவையுங்கள். ஒரே அறை உள்ள வீட்டில் இது எல்லாருக்கும் கஷ்டம்தான். மூன்றரை வாரம் மட்டும்.
>
> படித்ததை உங்களிடம் ஒப்பிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை எங்கே தடுமாறி நிற்கிறதோ, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி ஒரு பீடி இலையோ தினசரி நாட்காட்டித் தாளோ சொருகிவிட்டு, மேலே சொல்லச் சொல்லுங்கள். காலையில் அந்தப் பக்கத்தை முதலில் படிக்கட்டும். முதல் வாரம் இலை நிறைய விழும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.
>
> மூன்று சனிக்கிழமை, 10 மணி முதல் 1.15 வரை, பிள்ளை பழைய கேள்வித்தாள் ஒன்றை எழுதட்டும். முதல் பத்து நிமிடம் வாசிப்பது மட்டும். அதில் நன்றாகத் தெரிந்த ஐந்து கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். தாள்கள் பள்ளியில் கிடைக்கும்.
>
> தேர்வு முடிந்து வரும்போது கேள்வித்தாளை வாங்கிப் பார்க்காதீர்கள், விடை கேட்காதீர்கள். "சாப்பிடலாம் வா" என்று கூப்பிடுங்கள்.
>
> பிள்ளை நாள்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலோ, யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, நான் இல்லாமல் இருந்தால் நல்லது என்பதுபோல் ஒரு வார்த்தை சொன்னாலோ, காத்திருக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். எங்களிடமும் சொல்லுங்கள், எந்த நேரமானாலும்.

கரும்பலகை (வெள்ளி, இரவு 8.25)

நன்றாக இருக்கிறது. நான்கு காரியம் என்று சொல்லிவிட்டு ஐந்து சொல்லியிருக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள். இன்னொன்று: தேர்வில் ஒரு பாடம் போனாலும் அதே வருடம் துணைத்தேர்வு எழுதி பதினொன்றில் சேரலாம் என்பதையும் ஒரு வரி போடலாமே. பல பெற்றோருக்கு இது தெரியாது. தெரியாததால்தான் வீடே இறுகிப்போய்க் கிடக்கிறது.

கரிசல் அப்பா (வெள்ளி, இரவு 8.40)

சார், அதை இப்போதே சொன்னால் பிள்ளைகள் அசட்டையாகிவிடும். ரிசல்ட் வந்த பிறகு சொல்லலாம்.

முதல்பெஞ்ச் (வெள்ளி, இரவு 8.52)

ரிசல்ட் வந்த பிறகு யாரும் எதையும் கேட்கிற நிலையில் இருக்க மாட்டார்கள் அண்ணா. எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கரிசல் அப்பா (வெள்ளி, இரவு 9.10)

நீ சொல்வது உன் மாதிரிப் பிள்ளைக்குச் சரி தம்பி. என் மகன் அதைக் கேட்டால் புத்தகத்தை மூடிவிடுவான். இதில் என் மனசு மாறவில்லை. ஆனால் இன்று காலை அவனை 5.15-க்குத்தான் எழுப்பினேன்.

தென்காசித் தமிழம்மா (சனி, மாலை 6.30)

கூட்டம் முடிந்தது. எண்ணிக்கையைத் திருத்திவிட்டேன் சார். துணைத்தேர்வு வரியை மடலில் போடவில்லை, கூட்டத்தில் வாயால் சொன்னேன். பின்வரிசையில் ஒரு அப்பா எழுந்து, "இத எழுதியே தந்திருக்கலாமே" என்றார். அடுத்த மடலில் போடலாமா என்று யோசிக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் அம்மா வந்திருந்தார். டிவியை நிறுத்த முடியாது என்றார். 7.30 சீரியல் மாமியாருக்கு, அவர் நடக்க முடியாமல் படுக்கையில் இருக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் 8.15 வரை உட்கார்ந்து படிக்கலாமா என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். விளக்கு வேண்டும்.

இன்னொரு அம்மா கேட்டதுதான் என்னை நிறுத்திவிட்டது. "பிள்ளை தூங்கணும்னு எழுதுறீங்க, 8.15-க்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறதும் நீங்கதானே? எங்க ஊர் பஸ் 6.50-க்கு. அஞ்சரைக்கு எந்திரிச்சா படிக்க எங்க நேரம்?" நியாயமான கேள்வி. கடைசி இரண்டு வாரம் காலைச் சிறப்பு வகுப்பை விட்டுவிட்டு மாலை வகுப்பை மட்டும் வைக்கலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். மற்றப் பள்ளிகளில் நடக்கும்போது நாம் மட்டும் எப்படி நிறுத்துவது என்றார், யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார். யாராவது உங்கள் பள்ளியில் காலை வகுப்பை நிறுத்திப் பார்த்திருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். திங்கட்கிழமை மறுபடி அவரிடம் பேசப் போகிறேன்.